கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் சைபர்பங்க் ஓடுமா?

"அப்பா, இந்த லேப்டாப்ல சைபர்பங்க் ஓடாதுப்பா. கேமிங் லேப்டாப்தான் வேணும்."

"எவ்வளவு ஆகும்டா?"

"எண்பதாயிரம் கிட்ட வரும்."

"இதை வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகலையேடா!"

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு ஒரு முறையாவது வந்திருக்கும். படிப்புக்காக என்று வாங்கிய லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்காது. பிராசஸர் சிப்புக்குள்ளேயே ஓர் ஓரமாகக் குடியிருக்கும் கிராபிக்ஸ்தான் இருக்கும். 'இன்டகிரேட்டட் கிராபிக்ஸ்' என்பது அதைத்தான். படம் பார்க்க, புராஜெக்ட் செய்ய அது தாராளம். பெரிய கேம் என்று வந்தால் திணறும்.

திணறும் என்பது உண்மைதான். ஆனால், ஓடவே ஓடாது என்பது எல்லா நேரமும் உண்மையில்லை. 80,000 ரூபாய் செலவழிக்கும் முன் ஒரு மாலை நேரத்தைச் செலவழித்துப் பார்க்கலாம். அந்த மாலையில் என்ன செய்ய வேண்டும், எதுவரை எதிர்பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளும் கேம் சைபர்பங்க் 2077. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2020 டிசம்பரில் வெளியிட்டது. நைட் சிட்டி என்ற கற்பனை நகரம், இரவெல்லாம் நியான் விளக்குகள், மழையில் நனைந்த தெருவில் அந்த விளக்குகளின் பிரதிபலிப்பு என்று கம்ப்யூட்டரைப் பிழிந்தெடுக்கும் கேம். (பெற்றோர் கவனத்துக்கு: இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கேம். பள்ளிப் பிள்ளைகள் கேட்டால், லேப்டாப் ஓட்டுமா என்ற கேள்விக்கே போக வேண்டியதில்லை.)

கேம் நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சத் தேவையே மிரட்டலாக இருக்கிறது. 2023-ல் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு ஆர்.எக்ஸ் 580 அல்லது ஜி.டி.எக்ஸ் 1060 போன்ற தனி கிராபிக்ஸ் கார்டு, 12 ஜி.பி ரேம், 70 ஜி.பி காலியிடம் உள்ள எஸ்.எஸ்.டி வேண்டும். நம் உதாரண லேப்டாப்போ ரைசன் 5 5500யூ பிராசஸர், 8 ஜி.பி ரேம், 512 ஜி.பி எஸ்.எஸ்.டி. இந்தியாவில் நடுத்தர விலையில் ஏராளமாக விற்ற வகை இது. எஸ்.எஸ்.டி மட்டும்தான் தேர்வில் பாஸ். மற்ற இரண்டிலும் ஃபெயில்.

ஒற்றைக் கதவு வீடு

பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் வலுவில்லாதது என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த லேப்டாப்பில் இருக்கும் வேகா கிராபிக்ஸில் கணக்குப் போடும் 448 சிறு மையங்கள் இருக்கின்றன. ஆர்.எக்ஸ் 580-ல் 2,304. ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால், பலரும் கவனிக்காத இன்னொரு வித்தியாசம் உண்டு. பல சமயம் ஆட்டத்தைக் கெடுப்பது அதுதான்.

தனி கிராபிக்ஸ் கார்டுக்கு அதன் மேலேயே தனி மெமரி உண்டு. சமையலறைக்குள்ளேயே மளிகை அலமாரி இருப்பது மாதிரி. இன்டகிரேட்டட் கிராபிக்ஸுக்கு அப்படி எதுவும் கிடையாது. லேப்டாப்பின் ரேமைத்தான் அதுவும் பயன்படுத்தியாக வேண்டும். பிராசஸரும் அதே ரேமுக்குத்தான் வரும். ஒரே ஸ்டோர் ரூம், இரண்டு சமையல்காரர்கள். அந்த ரூமுக்கு ஒரே ஒரு கதவு என்றால், யாராவது ஒருவர் வாசலில் காத்துக்கொண்டு நிற்பார்.

இதற்கு எண்ணிக்கையும் உண்டு. இந்த லேப்டாப்பில் இருக்கும் டி.டி.ஆர்.4 3200 ரேம், ஒற்றை ஸ்டிக்காக இருந்தால் விநாடிக்கு 25.6 ஜி.பி தரவைத்தான் கொடுக்க முடியும். இரண்டு ஸ்டிக் போட்டால் இரண்டு பாதைகளும் சேர்ந்து வேலை செய்து 51.2 ஜி.பி ஆகும். இதை 'டூயல் சேனல்' என்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, ஆர்.எக்ஸ் 580 கார்டின் சொந்த மெமரி விநாடிக்கு 256 ஜி.பி கொடுக்கும். ஆக, ஒற்றை ஸ்டிக் போட்ட லேப்டாப் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் மளிகை வாங்கிக்கொண்டு, அதையும் பிராசஸரோடு பங்கிட்டுக்கொண்டு சமைக்க முயல்கிறது.

விலையைக் குறைக்க 8 ஜி.பி-யை ஒரே ஸ்டிக்காகப் போட்டு விற்கும் லேப்டாப்கள் நிறைய. அதனால்தான் செட்டிங்ஸில் கை வைக்கும் முன் முதல் வேலை, கதவை எண்ணிப் பார்ப்பது.

Ctrl, Shift, Esc மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸின் Task Manager திறக்கும். அதில் Performance பகுதிக்குப் போய் Memory-யைத் தொட்டால், கீழே Slots used என்று ஒரு வரி இருக்கும். 1 of 2 என்று காட்டினால், ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறது என்று அர்த்தம். சில லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும் என்பதால் இந்த வரி ஏமாற்றவும் கூடும். மாடல் எண்ணைத் தேடி, நிறுவனத்தின் விவரப் பக்கத்திலும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. மெலிதான லேப்டாப்கள் சிலவற்றில் ரேமை மாற்றவே வழியிருக்காது.

இன்டெல் பிராசஸர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வேடிக்கையான அடையாளம் ஒன்று உண்டு. ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டிய சில லேப்டாப்களில், Device Manager-ல் போய்ப் பார்த்தால் வெறும் Intel UHD Graphics என்று இருக்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். ரேம் டூயல் சேனலாக இருந்தால்தான் இன்டெல் அந்தப் பெயரையே காட்டும். இரண்டாவது ஸ்டிக்கைச் செருகியதும் பெயர் மாறிவிடும்.

நம் உதாரண லேப்டாப்பில் ஒரு ஸ்லாட் காலி. அதில் இன்னொரு 8 ஜி.பி டி.டி.ஆர்.4 3200 லேப்டாப் ரேம் போட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஸ்டிக்கின் அளவும் வேகமும் புதியதோடு ஒத்திருப்பது நல்லது. ரேம் விலை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் வாங்கும் அன்று விசாரித்துக்கொள்ள வேண்டும். எப்படிப் பார்த்தாலும் புது லேப்டாப் விலையில் சிறு பங்குதான். வாரன்டி இருந்தால், பின் மூடியைத் திறப்பது வாரன்டியைப் பாதிக்குமா என்று சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்டுவிட வேண்டும். பழக்கமில்லாதவர்கள் சர்வீஸ் கடையில் கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம், சில நிமிட வேலை.

இந்த ஒரு ஸ்டிக் இரண்டு வேலை செய்கிறது. கதவை இரண்டாக்குவது ஒன்று. இன்னொன்று, இடப் பற்றாக்குறையைத் தீர்ப்பது. 8 ஜி.பி-யில் கிராபிக்ஸ் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள, விண்டோஸ் இன்னொரு பங்கை எடுத்துக்கொள்ள, மிச்சத்தில் கேமை அடைக்க முடியாது. அடைக்க முடியாததை விண்டோஸ் எஸ்.எஸ்.டி-யில் வைத்து எடுத்துக் கொடுக்கும். அது ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. அதனால்தான் ஓடிக்கொண்டிருக்கும் கேம் திடீரென்று அரை விநாடி உறைந்து, பிறகு தாவுகிறது. சராசரி வேகம் சரியாகவே இருக்க, தெரு முனை திரும்பும்போதெல்லாம் இப்படி உறைந்தால் சந்தேகப்பட வேண்டியது ரேமைத்தான்.

பயாஸில் போய் கிராபிக்ஸுக்கு 2 ஜி.பி ஒதுக்கினால் பறக்கும் என்று பலர் சொல்வார்கள். அது கதவைப் பெரிதாக்குவதில்லை, ஸ்டோர் ரூமில் ஒரு மூலையைக் கயிறு கட்டிப் பிரித்துவைக்கிறது, அவ்வளவுதான். தேவைப்பட்டால் மீதி ரேமிலிருந்தும் கிராபிக்ஸுக்கு விண்டோஸே எடுத்துக் கொடுக்கும். 16 ஜி.பி இருந்தால் 2 ஜி.பி ஒதுக்குவதில் தவறில்லை. 8 ஜி.பி மட்டும் இருக்கும் லேப்டாப்பில் இதைச் செய்தால், கேமுக்கு மிச்சமிருந்த இடமும் போய் நிலைமை மோசமாகலாம்.

எதைக் குறைப்பது?

ரேம் போட்டாயிற்று. இப்போது கேமுக்குள் போகலாம். செட்டிங்ஸில் Run Benchmark என்று ஒரு பட்டன் இருக்கிறது. கேமே ஒரு காட்சியை ஓட்டிக்காட்டி, கடைசியில் சராசரியாக விநாடிக்கு எத்தனை ஃபிரேம் வந்தது, மிகக் குறைவாக எத்தனை வந்தது என்று சொல்லும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதை ஓட்டிப் பார்த்து, ஒரு தாளில் எழுதிக்கொள்வதுதான் நல்ல பழக்கம். கண்ணால் மட்டும் பார்த்து 'இப்போ கொஞ்சம் பரவாயில்லை போல' என்று முடிவெடுத்தால், பாதி நேரம் மனம் நம்ப விரும்பியதைத்தான் கண் பார்க்கும்.

திரைப்படம் விநாடிக்கு 24 ஃபிரேம். கேமுக்கு அது போதாது. விரல் அசைந்ததும் காட்சி அசைய வேண்டும் என்பதால், குறைந்தது 30 இருந்தால்தான் கதையோட்டமுள்ள கேம் ஆட முடியும். 30 என்றால் ஒரு ஃபிரேமை வரைய 33 மில்லி விநாடி அவகாசம். அதைத் தாண்டாமல் வரைந்து முடிக்க வேண்டும் என்பதுதான் இலக்கு.

1080 ரெசல்யூஷனில் உயர் தரத்தில் வைத்தால், இந்த லேப்டாப்பில் ஃபிரேம் எண்ணிக்கை பத்தை ஒட்டியே நிற்கும். புகைப்பட ஆல்பம் பார்ப்பது போல் இருக்கும். எனவே Quick Preset-ஐ Low-வுக்கு மாற்றுவது முதல் படி. பெரும்பாலான வேலை அதிலேயே முடிந்துவிடும். ஆனால், கீழே இறங்கிச் சில வரிகளைத் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

முதலில் Screen Space Reflections Quality. ஈரத் தெருவில் தெரியும் பிரதிபலிப்புகளுக்குக் காரணம் இதுதான். இந்த கேமில் கிராபிக்ஸை அதிகம் தின்னும் வரிகளில் ஒன்று. Off என்று இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நைட் சிட்டியின் அழகில் ஒரு பகுதி போய்விடும்தான், வேறு வழியில்லை. தரம் குறைவாக வைத்தால் பிரதிபலிப்பு புள்ளிபுள்ளியாக மினுக்கும் என்பதால், அணைத்துவிடுவதே கண்ணுக்கும் நல்லது.

அடுத்து மூடுபனி, மேகம், நிழல் ஆகியவை தொடர்பான வரிகள். Volumetric என்று தொடங்குபவையும் Shadow என்று வருபவையும் எல்லாம் மிகக் குறைந்த நிலைக்கு. மூலைமுடுக்குகளில் விழும் மெல்லிய நிழலுக்கான Ambient Occlusion-ஐ அணைத்துவிடலாம்.

Film Grain, Chromatic Aberration, Motion Blur ஆகியவற்றையும் அணைக்க வேண்டும். இவை வேகத்தைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. காரணம் வேறு. அடுத்து செய்யப்போகும் ரெசல்யூஷன் வேலையில் படம் ஏற்கெனவே சற்று மங்கும். அதன் மேல் சினிமா ஃபிலிம் மாதிரி பொடிப்புள்ளிகளையும் நிறச் சிதறலையும் தூவினால், எது மங்கல், எது அலங்காரம் என்றே தெரியாமல் போகும்.

டெக்ஸ்சர் மட்டும் விதிவிலக்கு. சுவர், துணி, முகம் இவற்றின் மேல் ஒட்டப்படும் படங்கள்தான் டெக்ஸ்சர். இவற்றுக்குக் கணக்குப் போடும் வேலை குறைவு, இடம்தான் அதிகம் வேண்டும். 16 ஜி.பி ஆக்கிய பிறகு இதை Medium-ல் வைத்துப் பார்க்கலாம். ஓடும் கேமின் நடுவில் இதை மாற்ற முடியாது. மெயின் மெனுவுக்கு வந்துதான் மாற்ற வேண்டும். இது தெரியாமல் 'இந்த ஆப்ஷன் வேலை செய்யலை' என்று விட்டுவிடுபவர்கள் உண்டு.

இன்னொரு வரி கிராபிக்ஸ் பக்கத்திலேயே இருக்காது. Gameplay பக்கத்தில் Crowd Density என்று ஒளிந்திருக்கும். தெருவில் எத்தனை பேர் நடமாட வேண்டும் என்பது இது. ஒவ்வொரு மனிதரையும் நடக்கவைப்பது பிராசஸரின் வேலை. பிராசஸரும் கிராபிக்ஸும் ஒரே சிப்பில் ஒரே மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்பவை. 5500யூ சிப்புக்கு வகுத்திருக்கும் அளவு வெறும் 15 வாட். ஒரு சின்ன எல்.இ.டி பல்பு அளவு! தெருவில் கூட்டத்தைக் குறைத்தால் பிராசஸருக்கு வேலை குறையும், மிச்சப்படும் வாட் கிராபிக்ஸுக்குப் போகும். Low வைப்பதுதான் சரி.

இவ்வளவும் செய்த பிறகு, 1080-ல் இந்த வகை லேப்டாப் தோராயமாக 18 ஃபிரேம் வரை வரலாம். ஒற்றை ஸ்டிக்கோடு இருந்திருந்தால் 12-ஐ ஒட்டி நின்றிருக்கும். 18 என்றால் ஒரு ஃபிரேமுக்கு 55 மில்லி விநாடி. இலக்கு 33. இன்னும் 22 மில்லி விநாடியை எங்கிருந்தாவது மிச்சப்படுத்தியாக வேண்டும். செட்டிங்ஸில் குறைக்க இனி பெரிதாக எதுவும் இல்லை.

சின்னதாக வரைந்து பெரிதாகக் காட்டுவது

இங்கேதான் ரெசல்யூஷன் வருகிறது. 1920-க்கு 1080 என்றால் திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கண்டுபிடிக்க வேண்டும். 1280-க்கு 720 என்று குறைத்தால் 9.2 லட்சம் புள்ளிகள்தான். பாதிக்கும் குறைவு.

அப்படியானால் ரெசல்யூஷனையே 720 ஆக்கிவிட்டால் முடிந்ததே என்று தோன்றும். வேகம் வரும். ஆனால், 1080 திரையில் 720 படத்தை இழுத்துப் பரப்பும்போது எல்லாமே மங்கும். குறிப்பாக எழுத்துகள். சப்-டைட்டில், மேப், குறிப்புகள் என்று இந்த கேமில் படிக்க வேண்டியது ஏராளம். ஒரு மணி நேரத்தில் கண் வலிக்கும்.

'ரெசல்யூஷன் ஸ்கேலிங்' இதைப் புத்திசாலித்தனமாகச் செய்கிறது. நகரம், கார், மனிதர்கள் அடங்கிய காட்சியை மட்டும் சிறியதாக வரைந்து, பெரிதாக்கி, அதற்குப் பிறகு எழுத்துகளையும் மேப்பையும் முழு ரெசல்யூஷனில் அதன் மேல் வைக்கிறது. காட்சி சற்றுக் கரடுமுரடாக இருந்தாலும் எழுத்து கூர்மையாக இருக்கும்.

கேமின் Resolution Scaling பகுதியில் ஏ.எம்.டி-யின் எஃப்.எஸ்.ஆர், இன்டெலின் எக்ஸ்இ.எஸ்.எஸ் என்று சில பெயர்கள் இருக்கும். எஃப்.எஸ்.ஆர் எந்த நிறுவனத்தின் கிராபிக்ஸிலும் ஓடும், நம் உதாரணத்துக்கு அதுவே ஏற்றது. எஃப்.எஸ்.ஆர் 2 வகை வெறுமனே படத்தை இழுத்துப் பெரிதாக்குவதில்லை. ஒவ்வொரு ஃபிரேமிலும் கேமராவை ஒரு புள்ளியை விடக் குறைந்த அளவு அசைத்து வரையச் சொல்கிறது. இந்த ஃபிரேமில் பார்க்காத விவரம் முந்தைய ஃபிரேமில் பட்டிருக்கும். அவற்றையெல்லாம் சேர்த்து ஒரு பெரிய படத்தைத் தைக்கிறது. எந்தப் பொருள் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேமே சொல்வதால் தையல் ஓரளவு பொருந்தும்.

இதில் தர நிலைகள் உண்டு. Quality என்றால் அகலத்தையும் உயரத்தையும் 1.5 ஆல் வகுத்து வரையும். Balanced என்றால் 1.7. Performance என்றால் 2. Ultra Performance என்றால் 3. 1080 திரையில் Performance வைத்தால் உள்ளே உண்மையில் வரையப்படுவது 960-க்கு 540, அதாவது 5.2 லட்சம் புள்ளிகள்தான். நான்கில் ஒரு பங்கு.

நான்கில் ஒரு பங்கு என்றால் வேகம் நான்கு மடங்காக வேண்டுமே? 18 ஃபிரேம் 72 ஆக வேண்டுமே? ஆகாது. 30 பக்கம் வரும், அவ்வளவுதான். ஏமாற்றமாக இருந்தாலும் காரணம் எளிது. 55 மில்லி விநாடியில் எல்லாமே புள்ளிகளுக்கான வேலை இல்லை. கட்டடங்களின் வடிவத்தை அடுக்குவது, நிழல்களைக் கணக்கிடுவது, பிராசஸர் செய்யும் வேலைகள் எல்லாம் புள்ளிகள் எத்தனை என்றாலும் மாறாதவை. தவிர, எஃப்.எஸ்.ஆர் தைப்பதற்கும் நேரம் பிடிக்கும். பெரிய கார்டில் அது பொருட்டே இல்லை. இவ்வளவு சிறிய கிராபிக்ஸில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சில மில்லி விநாடிகள் அதற்கே போய்விடும்.

முக்கியமான நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது. தையல் கூலியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கடைசியில் எவ்வளவு பெரிய படம் வேண்டும் என்பதுதான். அதனால் 1080-ஐப் பிடித்துக்கொண்டு Ultra Performance வரை இறங்குவதைவிட, கேமின் ரெசல்யூஷனை 1600-க்கு 900 ஆக்கி, அதில் Performance வைப்பது நல்ல வழி. உள்ளே 800-க்கு 450, அதாவது 3.6 லட்சம் புள்ளிகள். தையல் கூலியும் குறைவு. 900-ல் எழுத்தும் படிக்கும்படி இருக்கும். நம் லேப்டாப் இதில் 30-களின் நடுவில் ஓட வாய்ப்பு உண்டு.

1080-ல் Ultra Performance வைத்தால் உள்ளே 640-க்கு 360 மட்டுமே. தூரத்து மனிதர்கள் நாலைந்து புள்ளிகளாகிவிடுவார்கள். கம்பி வேலியும் மின்கம்பிகளும் துடிக்கும், தலைமுடி நுரை மாதிரி ஆகும், ஓடும் காருக்குப் பின்னால் பேய் மாதிரி ஒரு நிழல் இழுபடும். முந்தைய ஃபிரேம்களை வைத்துத் தைப்பதால், விநாடிக்கு வரும் ஃபிரேம் குறைவாக இருக்கும்போது இந்தக் கோளாறுகள் இன்னும் கூடும்.

இன்னும் இறக்கினால் இன்னும் வேகம் வருமா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு படி இறக்கி பெஞ்ச்மார்க் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஃபிரேம் கூடினால், இதுவரை புள்ளிகள்தான் இழுத்துப் பிடித்திருக்கின்றன. கூடவே இல்லை என்றால், முட்டுக்கட்டை வேறு எங்கோ இருக்கிறது: பிராசஸர், ரேம் அல்லது சூடு. அப்போது படத்தை மேலும் கெடுப்பதில் பயனில்லை. இறக்கிய படியைத் திரும்ப ஏற்றிவிடலாம்.

மெனுவில் Frame Generation என்று ஒன்று கண்ணில் பட்டால் ஆசைப்பட வேண்டாம். இரண்டு உண்மை ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றைக் கற்பனையாகச் செருகும் வேலை அது. ஏற்கெனவே 60 பக்கம் ஓடும் கம்ப்யூட்டருக்கு அது பயன்படும். 25-ல் ஓடுவதை 45 என்று காட்டினாலும், மவுஸை அசைத்தபின் காட்சி அசையும் தாமதம் அப்படியே இருக்கும், அல்லது கூடும்.

பதினைந்தாவது நிமிடம்

பெஞ்ச்மார்க்கில் 35 வந்தது, ஆட உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடம் ஜோர், அதற்குப் பிறகு 24 என்று சொல்பவர்கள் உண்டு. கேமில் கோளாறு இல்லை. லேப்டாப் சூடாகி, சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பெஞ்ச்மார்க் சில நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதால் சூடு அதில் தெரியாது. அதனால் கால் மணி நேரம் ஆடிய பிறகு இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பதுதான் உண்மையான மதிப்பெண்.

மெத்தை மேலோ தலையணை மேலோ வைத்து ஆடினால் அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபடும். மேஜையில் வைத்து, பின்பக்கத்தை ஓர் அங்குலம் உயர்த்தினாலே வித்தியாசம் தெரியும். இரண்டு வருடத் தூசியைச் சுத்தம் செய்ய, ரேம் மாற்றப் போகும்போதே கடையில் சொல்லிவிடலாம். சார்ஜர் கட்டாயம் செருகியிருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் தாமாகவே சிப்பின் வேகத்தைக் குறைத்துவிடும்.

கடைசியாக ஒரு செட்டிங். Video பக்கத்தில் Maximum FPS என்பதை ஆன் செய்து 30 என்று வைக்க வேண்டும். 38 வரும் இடத்தில் எதற்கு 30-க்குப் பூட்டு என்று பிள்ளைகள் கேட்பார்கள். பூட்டாவிட்டால் காலியான தெருவில் 42, கூட்டமான மார்க்கெட்டில் 28 என்று ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் கண்ணை உறுத்துகிறது. ஒரே சீரான 30 அதைவிட வழவழப்பாகத் தெரியும். இன்னொரு லாபமும் உண்டு. எளிதான காட்சிகளில் சிப் மூச்சு வாங்கிக்கொள்ளும், சூடு குறையும், கடினமான காட்சி வரும்போது வேகம் மிச்சமிருக்கும். Phantom Liberty என்ற கூடுதல் கதையில் வரும் டாக்டவுன் பகுதி மற்ற இடங்களைவிடக் கனமானது. அங்கே 30-க்குக் கீழே இறங்கத்தான் செய்யும்.

எங்கே கதவு மூடியிருக்கிறது?

இதே வழியில் எல்லா கேமையும் ஓட்டிவிடலாம் என்று நினைத்தால் பணம் வீணாகும். மெதுவாக ஓடுவது வேறு, ஓடவே முடியாதது வேறு. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமும், 2025-ல் வந்த டூம்: த டார்க் ஏஜஸும் ஒளிக்கதிர்களைக் கணக்கிடும் ரே டிரேசிங் வசதி சிப்பிலேயே இருக்க வேண்டும் என்று கேட்பவை. வேகா கிராபிக்ஸில் அந்த வசதி கிடையாது. எந்த செட்டிங்கை எவ்வளவு குறைத்தாலும் இல்லாத உறுப்பு முளைக்காது. சைபர்பங்கிலும் ரே டிரேசிங் உண்டு, ஆனால் அதை அணைத்துவிட்டு ஆடலாம். வாங்கும் முன் கேமின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் Ray Tracing என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

பட்டியல் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால், ஸ்டீம் தளத்தில் வாங்கிச் சோதிக்கலாம். வாங்கிய 14 நாள்களுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குள் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். செட்டிங்ஸ் மெனுவில் நோண்டிக்கொண்டிருப்பதும் பெஞ்ச்மார்க் ஓடுவதும் அந்த இரண்டு மணி நேரக் கணக்கில் சேரும் என்பதால், எந்தெந்த வரியை மாற்றப்போகிறோம் என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு கேமைத் திறப்பது நல்லது. வரிகளை மாற்ற ஐந்து நிமிடம், ஒரு பெஞ்ச்மார்க், கால் மணி நேர ஆட்டம், மறுபடி ஒரு பெஞ்ச்மார்க். அரை மணி நேரத்துக்குள் விடை கிடைத்துவிடும். இரண்டாவது எண் 30-க்குக் கீழே நின்று, ரேம் ஸ்லாட்டும் காலியில்லை என்றால், அன்றே பணத்தைத் திரும்பக் கேட்டுவிடலாம்.